பாகம் பிரித்த பிறகு வெளிப்பட்ட சொத்து: யாருக்கு எவ்வளவு?

கோத்தகிரிப் பக்கத்துச் சிற்றூர்களில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் முன் தகரக் கூரையைச் சரிபார்ப்பது வழக்கம். 2024 மே மாதத்தில் அப்படிக் கூரை வேலைக்காகப் பரணைக் காலி செய்த ஒருவர், தந்தையின் பழைய டிரங்குப் பெட்டியை இறக்கித் திறக்கிறார். பசுந்தேயிலை எடைச் சீட்டுகளைச் சணல் கயிற்றால் கட்டி வைத்திருந்த கட்டு ஒன்றின் நடுவே, நான்காக மடித்த வைப்புநிதி ரசீது ஒன்றும், தந்தை 1986-இல் 36 சென்ட் நிலம் வாங்கிய கிரயப் பத்திரமும் இருக்கின்றன. இரண்டுமே 2012-இல் எழுதிப் பதிவு செய்த பாகப்பிரிவினைப் பத்திரத்தில் இல்லை.

இக்குடும்பத்தை விளக்கத்துக்காக நானே அமைத்துக்கொண்டேன். ஆனால் இதிலுள்ள ஒவ்வொரு சிக்கலையும் வெவ்வேறு வீடுகளில் கண்டிருக்கிறேன். தந்தை 2009-இல் உயில் எழுதாமல் இறந்தார். அப்போது அவருக்கு மனைவி, மூத்த மகன், மகள், இளைய மகன் ஆகிய நால்வர் வாரிசுகள். 2012-இல் தேயிலைத் தோட்டத்தை இரு மகன்களும் பிரித்துக்கொண்டார்கள். வீடு இளையவருக்குச் சென்றது. தாய்க்கு அவ்வீட்டில் வாழ்நாள் முழுவதும் குடியிருக்கும் உரிமை எழுதப்பட்டது. மகள் ஐந்து லட்சம் ரூபாய் பெற்றுக்கொண்டு தம் பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட்டார். 2017-இல் தாயும், 2021-இல் மூத்த மகனும் உயில் எதுவும் எழுதாமலே இறந்தார்கள். மூத்தவருக்கு மனைவி, 20 வயது மகன், 15 வயது மகள் ஆகியோர் இருக்கிறார்கள்.

ரசீதில் நியமனதாரர், அதாவது நாமினி, இளைய மகன் என்று பதிவாகியிருக்கிறது. ஆகவே அந்தப் பணம் தமக்கே என்று அவர் நினைக்கிறார். “அத்தைதான் அப்பவே பணம் வாங்கிட்டுக் கையெழுத்துப் போட்டுட்டாங்களே, அவங்களுக்கு இதுல என்ன இருக்கு?” என்று மூத்தவரின் மகன் கேட்கிறான். எல்லாவற்றையும் சேர்த்து 2012-ஆம் ஆண்டுப் பத்திரத்தையே ரத்து செய்து மறுபடி பிரிக்க வேண்டும் என்று மூத்தவரின் மனைவியான அண்ணி சொல்கிறார். மூன்று கருத்துகளுமே தவறானவை.

அண்ணியின் கருத்திலிருந்து தொடங்கலாம். ஒரு சொத்து விடுபட்டுப் போனது என்பதற்காக, முறையாக நடந்து முடிந்த பாகப்பிரிவினை செல்லாமல் போவதில்லை. பிரித்தது பிரித்ததுதான், விடுபட்டது மட்டும் இன்னும் பிரிக்கப்படாத பொதுச் சொத்தாக நிற்கிறது, அதை மட்டும் தனியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். மோசடியாலோ, ஏமாற்றியோ, ஒருவருக்குப் பெரும் அநீதி நேரும் வகையிலோ நடந்த பிரிவினையை நீதிமன்றம் திறந்து பார்க்கும் என்பது உண்மை. ஆனால் அங்கும் குறை எப்பகுதியில் இருக்கிறதோ அதைத் தனியே பிரித்தெடுக்க முடிந்தால் அப்பகுதியை மட்டுமே திறக்கலாம் என்பது இரத்தினம் செட்டியார் எதிர் குப்புசாமி செட்டியார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகளுள் ஒன்று. அவ்வழக்கில் அசையும் சொத்துகளின் பிரிவினை மட்டுமே திறக்கப்பட்டது; அசையாச் சொத்துகளின் பிரிவினை அப்படியே நின்றது. நம் குடும்பத்தில் யாரும் எதையும் ஒளித்ததாகத் தெரியவில்லை. தேயிலைச் சீட்டுக் கட்டுக்குள் ஒரு ரசீது இருந்ததற்குத் தந்தையின் பழக்கத்தைத் தவிர வேறு யாரையும் குறை சொல்ல இடமில்லை.

எனினும், ஒரு குடும்பத்தில் பாகம் பிரிந்துவிட்டது என்றால் எல்லாச் சொத்தும் பிரிந்துவிட்டது என்றே நீதிமன்றம் முதலில் ஊகிக்கும் என்பதையும், ஒன்று விடுபட்டது என்று சொல்பவரே அதை மெய்ப்பிக்க வேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது. இங்கே தந்தையின் பெயரில் உள்ள கிரயப் பத்திரத்தையும், 2012 பத்திரத்தின் சொத்து விவரப் பட்டியலையும் அருகருகே வைத்து, 36 சென்ட் நிலத்தின் புல எண் பட்டியலில் இல்லை என்று காட்டுவதே தொடக்கச் சான்றாகும். மலைப்பகுதியில் மறுஅளவையில் எண்கள் மாறியிருப்பது சாதாரணம். எனவே பழைய எண்ணுக்கு உரிய புதிய எண் எது என்று உறுதி செய்த பிறகே இல்லை என்று சொல்ல வேண்டும். இப்படிச் சரிபார்க்கும்போது, விடுபட்டதாக நினைத்த நிலம் வேறு எண்ணில் பட்டியலுக்குள்ளேயே இருந்தது தெரியவருவதும் உண்டு.

அடுத்து மகளின் கையெழுத்து. 2012 பத்திரத்தில் அவர் எதை விட்டுக்கொடுத்தார் என்பதை அப்பத்திரத்தின் சொற்களைக் கொண்டுதான் முடிவு செய்ய வேண்டும். பட்டியலில் கண்ட சொத்துகளில் தமக்குள்ள உரிமையை விட்டுக்கொடுப்பதாக அவர் எழுதியிருந்தால், பட்டியலில் இல்லாத ரசீதும் நிலமும் அந்த விட்டுக்கொடுப்புக்குள் வருவதில்லை. ஐந்து லட்சம் அப்பட்டியலுக்கான ஈடு. இருப்பதே தெரியாத ஒன்றுக்கு அன்று யாரும் விலை பேசவில்லை.

இங்கேதான் பழைய பத்திரத்தின் கடைசிப் பக்கத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். பெரும்பாலான பத்திரங்களில் “இதில் கண்ட சொத்துக்கள் தவிர வேறு சொத்துக்கள் நமக்குப் பொதுவில் இல்லை” என்ற வாக்கியம் இருக்கும். பத்திர எழுத்தர் வழக்கமாகச் சேர்க்கும் வரி அது. கையெழுத்திட்ட அன்று எல்லோரும் என்ன நம்பினார்கள் என்பதைக் காட்டுகிறதே தவிர, பின்னால் வெளிப்படும் சொத்தை அது யாருக்கும் கொடுப்பதில்லை. இதற்கு மாறாக “பின்னிட்டு ஏதேனும் சொத்து தெரியவந்தால் அதை நாம் சமமாகப் பிரித்துக்கொள்வோமாகவும்” என்றோ, “அது இன்னாரையே சேரும்” என்றோ எழுதியிருந்தால், அது கையெழுத்திட்டவர்களுக்குள் ஏற்பட்ட ஒப்பந்தம். அதன்படியே நடக்க வேண்டும். நம் குடும்பத்தின் பத்திரத்தில் முதல் வகை வாக்கியம் மட்டுமே இருக்கிறது. எனவே பங்கை நிர்ணயிப்பது சட்டம்தான்.

அந்தக் கணக்கு எங்கே தொடங்குகிறது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ரசீது கண்ணில் பட்ட 2024-இல் யார் உயிரோடிருந்தார்கள் என்று எண்ணிப் பிரிப்பது தவறு. 2012-இல் தோட்டத்தைப் பிரித்த விகிதத்தில் பிரிப்பதும் தவறு. தந்தை இறந்த 2009-ஆம் ஆண்டு நாளன்றே, யாருக்கும் தெரியாமலே, இச்சொத்துகள் வாரிசுகளைச் சேர்ந்துவிட்டன. தெரியாமல் இருந்ததால் உரிமை பிறக்காமல் இருந்துவிடவில்லை. ஆகவே அந்நாளிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு மரணமாக வரிசைப்படி நடந்து வர வேண்டும்.

சொத்து தந்தை தம் சம்பாத்தியத்தில் வாங்கியது என்றும், குடும்பத்துக்கு 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும் என்றும் கொள்வோம். அதன் 8-ஆம் பிரிவின்படி மனைவியும் மூன்று பிள்ளைகளும் முதல் வகுப்பு வாரிசுகள். ஆளுக்கு நான்கில் ஒரு பங்கு. 2017-இல் தாய் இறந்தபோது அவருடைய நான்கில் ஒரு பங்கு, 15-ஆம் பிரிவின்படி அவருடைய மூன்று பிள்ளைகளுக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு வீதம் சேர்ந்தது. நான்கில் ஒன்றும் பன்னிரண்டில் ஒன்றும் சேர்ந்தால் மூன்றில் ஒன்று. ஆக மூன்று பிள்ளைகளும் சமம். 2021-இல் மூத்தவர் இறந்தபோது அவருடைய மூன்றில் ஒரு பங்கு அவர் மனைவிக்கும் இரு பிள்ளைகளுக்கும் ஒன்பதில் ஒரு பங்கு வீதம் பிரிந்தது. முடிவாக, மொத்தத்தை ஒன்பது கூறாக்கினால் மகளுக்கு மூன்று, இளையவருக்கு மூன்று, அண்ணிக்கும் அவர் பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒன்று.

மரணங்களின் வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. மூத்த மகன் தாய்க்கு முன்பே இறந்திருந்தால், ஓர் ஆணின் தாயும் அவருக்கு முதல் வகுப்பு வாரிசு என்பதால், அவருடைய நான்கில் ஒரு பங்கு மனைவி, இரு பிள்ளைகள், தாய் என்று நால்வருக்குப் பதினாறில் ஒரு பங்கு வீதம் பிரிந்திருக்கும். பிறகு தாய் இறக்கும்போது, அவர் கையிலிருந்த பங்கு உயிரோடுள்ள இரு பிள்ளைகளுக்கும், முன்பே இறந்த மகனின் பிள்ளைகளுக்கும் செல்லும். இறந்த மகனின் மனைவிக்கு, அதாவது மருமகளுக்கு, அதில் பங்கில்லை. ஒன்பதில் ஒரு பங்கு பெற வேண்டிய அண்ணி பதினாறில் ஒரு பங்கோடு நிற்பார். அதே குடும்பம், அதே சொத்து, இறந்த தேதிகள் மட்டும் முன்பின்னாக மாறியிருக்கின்றன. இதனால்தான் யாரும் பங்கைப் பற்றிப் பேசத் தொடங்கும் முன், இறப்புச் சான்றிதழ்களைத் தேதி வரிசையில் மேசைமேல் அடுக்க வேண்டும் என்று சொல்வேன்.

இந்தக் கணக்கு எல்லாக் குடும்பத்துக்கும் பொதுவானதன்று. கிறிஸ்தவக் குடும்பத்தில் உயில் இல்லாதபோது மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும், மீதி பிள்ளைகளுக்குச் சமமாகவும் செல்லும். முஸ்லிம் குடும்பங்களுக்கு அவர்களுடைய தனிச்சட்டம் பொருந்தும். தோடர், கோத்தர், இருளர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் போன்ற பட்டியல் பழங்குடியினருக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம் தானாகப் பொருந்துவதில்லை. அவர்களுடைய வழக்காறே அடிப்படை. நீலகிரியில் இதை மறந்துவிட்டு எல்லோருக்கும் ஒரே கணக்கைப் போடக்கூடாது.

இனி வங்கிப் பணம். ரசீதின்படி வைப்புநிதி 2010-இல் முதிர்ந்திருக்கிறது. பத்து ஆண்டுகள் யாரும் கோராத வைப்புத்தொகையை வங்கிகள், ரிசர்வ் வங்கி 2014-இல் ஏற்படுத்திய வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்கு மாற்ற வேண்டும். அங்கே போய்விட்டால் பணம் போய்விட்டது என்று பொருளன்று. எப்போது வேண்டுமானாலும் பழைய வங்கிக் கிளையிலேயே கோரலாம், வங்கி கொடுத்துவிட்டு அந்நிதியிலிருந்து திரும்பப் பெற்றுக்கொள்ளும். வட்டி ஈட்டும் கணக்காக இருந்தால் அங்கிருக்கும் காலத்துக்கும் சிறிது வட்டி உண்டு. 2021 மே மாதத்திலிருந்து அது ஆண்டுக்கு 3 விழுக்காடு தனிவட்டி. ஆகவே பழைய ரசீதில் அச்சிட்ட வட்டி வீதத்தை வைத்து 14 ஆண்டுக்குக் கூட்டுவட்டி போட்டுப் பெருந்தொகையை எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

ரசீது கூடக் கிடைக்காமல், இன்ன வங்கியில் கணக்கு இருந்ததாக மங்கலான நினைவு மட்டும் இருப்பவர்கள் ரிசர்வ் வங்கியின் `udgam.rbi.org.in` தளத்தில் இறந்தவரின் பெயரையும், பான் எண், வாக்காளர் அடையாள எண், பிறந்த தேதி போன்ற ஒன்றையும் இட்டுத் தேடலாம். பெயரில் முதலெழுத்தை முன்னும் பின்னும் மாற்றி, ஊர்ப்பெயர் சேர்த்தும் நீக்கியும் தேட வேண்டும். 1990-களில் கிளை எழுத்தர் கையால் எழுதிய பெயர் இன்றைய ஆதாரில் உள்ளபடி இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. தளத்தில் இல்லை என்பதால் கணக்கே இல்லை என்றும் கொள்ளக்கூடாது, ஏனெனில் எல்லாக் கூட்டுறவு வங்கிகளும் அதில் சேரவில்லை. தொடக்கக் கூட்டுறவுச் சங்கத்திலும் அஞ்சலகத்திலும் போட்ட சேமிப்பை அந்தந்த இடத்தில்தான் நேரில் கேட்க வேண்டும்.

இளைய மகன் நாமினியாக இருப்பதால் பணத்தை அவரிடம் கொடுத்தாலே வங்கியின் பொறுப்பு முடிந்துவிடும். வாரிசுகளுக்குள் தகராறு வந்து நீதிமன்றத் தடையாணை எதுவும் வராதவரை, வங்கி அவரிடம் வாரிசுச் சான்றிதழ் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஆனால் பெற்றுக்கொண்ட பணத்துக்கு அவர் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. வாரிசுகள் அனைவருக்காகவும் அதை வாங்கி வைத்திருப்பவர் மட்டுமே. உச்ச நீதிமன்றம் 2010-இல் ராம் சந்தர் தல்வார் வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வங்கியின் ஜன்னலில் நாமினிக்கு உள்ள முதன்மை, வீட்டுக் கூடத்தில் அவருக்கு இல்லை.

வங்கியிலிருந்து 3,66,000 ரூபாய் வந்தது என்று வைத்துக்கொள்வோம். இதற்காக இளையவர் அலைந்த பயணம், உறுதிமொழிப் பத்திரம், சான்றிதழ்கள் ஆகியவற்றுக்கு ரசீதோடு காட்டும் 6,000 ரூபாயை முதலில் அவருக்குக் கொடுத்துவிட வேண்டும். கண்டுபிடித்தவர் என்பதற்காகக் கூடுதல் பங்கு கிடையாது, ஆனால் கைப்பணத்தை இழக்கவும் வேண்டியதில்லை. மீதி 3,60,000 ரூபாயில் மகளுக்கும் இளையவருக்கும் 1,20,000 வீதமும், அண்ணிக்கும் இரு பிள்ளைகளுக்கும் 40,000 வீதமும் சேரும். 15 வயதுப் பெண்ணின் 40,000 ரூபாயைத் தாயின் கணக்கில் கலக்காமல் அவள் பெயரிலேயே வைப்பு நிதியாகப் போட்டுவிடுவது நல்லது. பணம் அனைத்தையும் வங்கிக் கணக்கு வழியாகவே கொடுத்து, “தந்தையின் இன்ன வைப்புநிதியில் என் பங்கு முழுவதும் பெற்றுக்கொண்டேன்” என்று ஒவ்வொருவரிடமும் எழுதி வாங்கிக்கொண்டால் போதும். பணத்துக்குத் தனிப் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிய வேண்டிய அவசியமில்லை.

நியமனமே இல்லாமலோ, நாமினி முன்பே இறந்தோ இருந்தால் வழி நீளும். அப்போது வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்றிதழ் வேண்டும், அதுவும் ஒன்று போதாது. 2009-இல் வாங்கிய சான்றிதழில் தாயும் மூத்தவரும் உயிரோடிருப்பவர்களாகவே இருப்பார்கள்; எனவே தாய்க்கு ஒன்றும் மூத்தவருக்கு ஒன்றும் புதிதாக வாங்கி, மூன்றையும் சங்கிலிபோல் இணைத்துக் காட்ட வேண்டும்.

நிலத்தின் கதை இதைவிடப் பொறுமை கேட்பது. முதலில் அது இன்னும் தந்தையுடையதாகவே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். `tnreginet.gov.in` தளத்தில் 1986 முதல் இன்றுவரை வில்லங்கச் சான்று எடுத்தால், தந்தையே அதைப் பின்னாளில் விற்றாரா, அடமானம் வைத்தாரா என்பது தெரியும். மூலப் பத்திரம் பெட்டியில் இருப்பதே விற்காததற்குச் சான்று ஆகாது. பட்டாவும் அ-பதிவேடும் `eservices.tn.gov.in` தளத்தில் கிடைக்கும். பட்டா வேறு ஒருவர் பெயரில் இருந்தாலோ, நிலம் அரசு நிலமாகக் குறிக்கப்பட்டிருந்தாலோ, பங்கு பேசுவதை நிறுத்திவிட்டு முதலில் அதைத் தீர்க்க வேண்டும். கூடலூர், பந்தலூர் பக்கத்தில், பழைய ஜன்மி எஸ்டேட் நிலங்களைப் பற்றிய 1969-ஆம் ஆண்டு ஜன்மம் ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுக்குள் வரும் நிலமாக இருந்தால், கையில் உள்ள கிரயப் பத்திரத்தை மட்டும் நம்பிப் பிரித்துப் பயனில்லை.

அதன்பின் நேரில் போய்ப் பார்க்க வேண்டும், புலப்படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு. முப்பதாண்டுகளுக்கும் மேல் யாரும் போகாத 36 சென்டில் பக்கத்துத் தோட்டக்காரர் தம் தேயிலை வரிசையை நீட்டி நட்டிருக்கலாம். செடியின் அடித்தண்டின் பருமனைப் பார்த்தாலே அது எத்தனை காலமாக அங்கே நிற்கிறது என்று ஊர்க்காரர்கள் தோராயமாகச் சொல்லிவிடுவார்கள். வெளியார் ஒருவர் 12 ஆண்டுகளுக்கு மேல் தமதே என்று வெளிப்படையாக அனுபவித்து வந்திருந்தால், அந்த அனுபவத்தாலேயே நிலம் தமதாகிவிட்டது என்னும் எதிரிடை அனுபோக வாதம் எழும். இதற்கு மாறாக, வாரிசுகளில் ஒருவரே அங்கு இலை பறித்து வந்திருந்தால், அவர் மற்றவர்களின் உரிமையை வெளிப்படையாக மறுத்து அவர்களை வெளியேற்றாதவரை, அவருடைய அனுபவம் எல்லாருக்குமான அனுபவமாகவே கொள்ளப்படும்.

எல்லாம் சரியாக இருந்து 36 சென்டும் குடும்பத்துடையது என்றானால், ஒன்பதில் ஒரு பங்கு என்பது 4 சென்ட். காகிதத்தில் அழகாக வரும் இக்கணக்கு சரிவு நிலத்தில் நிற்பதில்லை. கீழ்ப் பகுதி சாலையை ஒட்டியது. மேல் பகுதிக்குப் படிவரிசைகளுக்கு இடையே நடந்துதான் ஏற வேண்டும், இலை மூட்டையைத் தலையில்தான் சுமந்து இறக்க வேண்டும். சென்டுக்குச் சென்ட் சமம் என்று பிரித்தால் மேல் பகுதியைப் பெறுபவர் நட்டப்படுவார். எனவே பங்கைப் பரப்பில் அளக்காமல் மதிப்பில் அளக்க வேண்டும். இங்கே பதிவுக்கான வழிகாட்டி மதிப்பை எடுத்துக்கொள்ளாமல், அக்கம்பக்கத்தில் உண்மையில் என்ன விலை போகிறது என்று கேட்டு ஒப்புக்கொள்ள வேண்டும்.

மொத்தம் 18 லட்சம் என்று இக்குடும்பம் ஒப்புக்கொள்கிறது. மூன்று கிளைகளுக்கும் ஆறு ஆறு லட்சம். மூத்தவர் கிளை நிலமாகவே கேட்கிறது. அதற்கு ஒரு காரணமும் உண்டு: 15 வயதுப் பெண்ணின் நிலப் பங்கை, நீதிமன்றத்தின் முன் அனுமதி இல்லாமல் தாய் விற்றாலோ விட்டுக்கொடுத்தாலோ, அப்பெண் 18 வயதான பின் மூன்று ஆண்டுகளுக்குள் அதை எதிர்த்து ரத்து செய்யலாம். அவள் பங்கை யாருக்கும் மாற்றாமல், நியாயமான அளவில் பிரித்து அவர்களிடமே விடும்போது இந்தச் சிக்கல் எழுவதற்கான இடம் மிகவும் குறைகிறது. ஆகவே மேல் பகுதியில் 12 சென்டுக்குப் பதிலாக 14 சென்ட், ஆறு லட்ச மதிப்புக்கு, மூவருக்கும் பொதுவாக ஒதுக்கப்படுகிறது. கீழே 22 சென்டை இளையவர் எடுத்துக்கொண்டு, அக்காவுக்கு அவர் பங்குக்கு ஈடாக ஆறு லட்சம் கொடுக்கிறார்.

இதை “துணைப் பாகப்பிரிவினைப் பத்திரம்” என்ற பெயரில் எழுதிப் பதிய வேண்டும். 2012 பத்திரத்தின் எண்ணையும் ஆண்டையும் முதலில் குறிப்பிட்டு, அது செல்லும் என்று எல்லோரும் உறுதி செய்து, இந்நிலம் அதில் தெரியாமல் விடுபட்டது என்று சொல்லி, மூன்று மரணங்களையும் தேதியோடு எழுதி, பங்குக் கணக்கை வரிசையாகக் காட்ட வேண்டும். சாலையிலிருந்து மேல் 14 சென்டுக்குச் செல்லும் நான்கடி நடைபாதையை, கீழ் நிலத்தின் எந்த ஓரத்தில் எத்தனை அடி நீளம் என்று அளந்து, வரைபடத்துடன் எழுத வேண்டும். “வழக்கமான வழி” என்று எழுதிய பத்திரங்கள்தாம் மலையில் அடுத்த தலைமுறையின் வழக்குக்கு வித்தாகின்றன. குடும்ப உறுப்பினர்களுக்குள் செய்யும் பிரிவினைக்கு முத்திரைத் தீர்வை ஒரு விழுக்காடு. 2023 ஜூலையிலிருந்து ஒவ்வொரு பங்குக்கும் அதன் உச்சவரம்பு 40,000 ரூபாய், பதிவுக் கட்டணத்துக்கு 10,000 ரூபாய். குடும்பம் என்பதைச் சட்டம் உறவின் பெயர்களைச் சொல்லியே வரையறுப்பதால், அண்ணியும் அண்ணன் பிள்ளைகளும் கட்சிகளாக உள்ள இப்பத்திரத்துக்குச் சலுகை பொருந்துமா என்பதைச் சார்பதிவாளரிடம் வரைவைக் காட்டிக் கேட்டுக்கொண்ட பிறகே முத்திரைத்தாள் வாங்க வேண்டும்.

ஒருவர் மட்டும் கையெழுத்திட மறுத்தால், விடுபட்ட இந்த நிலத்துக்கு மட்டும் பாகப்பிரிவினை வழக்குத் தொடரலாம். எல்லா வாரிசுகளையும், 15 வயதுப் பெண் உட்பட, அதில் கட்சியாகச் சேர்க்க வேண்டும்.

பத்திரம் பதிவானதும் உட்பிரிவு செய்து பட்டா மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். நில அளவர் வரும் நாளில் மூன்று கிளையினரும் நிலத்தில் இருந்து, கல் நடுவதைக் கண்ணால் பார்த்துக்கொள்வது நல்லது. 22 சென்டுக்கு இளையவர் பெயரில் தனிப் பட்டாவும், 14 சென்டுக்கு மூன்று பெயர்களில் கூட்டுப் பட்டாவும் கிடைக்கும்; அதில் சிறுமியின் பெயர் விடுபடாமல், காப்பாளராகத் தாயின் பெயரோடு வந்திருக்கிறதா என்று பட்டா கையில் வந்த அன்றே பார்த்துவிட வேண்டும்.